400 பேரா, 60 பேரா? கல்யாணச் செலவை ஐந்து வருடக் கணக்கில் ஒப்பிடுவோம்

கல்யாணச் செலவு பற்றிப் பேச உட்காரும் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளைத்தான் ஒப்பிடுகின்றன. எந்த மண்டபம், எத்தனை வகைச் சாப்பாடு, எவ்வளவு அலங்காரம் என்றே பேச்சு போகும். மணமக்களுக்கு உண்மையில் பயன்படும் ஒப்பீடு வேறு. கல்யாணம் முடிந்து ஐந்து வருடம் கழித்து அவர்கள் கையில் என்ன மிஞ்சியிருக்கும், நடுவில் ஒருவருக்கு வேலை போனால் வீடு ஓடுமா என்பதைத்தான் ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதிப் பார்த்தவர்கள் பலர் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். எழுதாமல் விட்டவர்கள் தவணை கட்டும்போதுதான் அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்கிறார்கள்.

எந்த நாட்டுப் பணத்திலும் பொருந்தும்படி ஒரு பொது அளவு வைத்துக்கொள்வோம். மணமக்கள் இருவரும் சேர்ந்து ஒரு மாதத்தில் சம்பாதிப்பதை "ஒரு மாத வருமானம்" என்று எடுத்துக்கொண்டு, எல்லாச் செலவையும் அதிலேயே அளப்போம். நான் எடுத்துக்கொள்ளும் ஜோடியில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். வருமானத்தில் ஒருவர் பங்கு 60 சதவீதம், மற்றவர் பங்கு 40 சதவீதம். மாதம் 80 சதவீதம் வாழ்க்கைச் செலவுக்குப் போகிறது, 20 சதவீதம் சேமிப்பில் நிற்கிறது. கல்யாணத்துக்கென்று ஆறு மாத வருமானம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெற்றோர் தங்கள் முதுமைக்கான பணத்தைத் தொடாமல் தரக்கூடியதும் அதற்குள் அடக்கம். அவசரத் தேவைக்கான பணம் தனியாக இருக்கிறது. நடைமுறையில் பார்த்தால் இது நல்ல நிலைமைதான். பலர் இவ்வளவு தயாராக இருப்பதில்லை.

முதல் தேர்வு, 400 பேரை அழைத்து எல்லாவற்றையும் நிறைவாகச் செய்வது. அதன் மொத்தச் செலவு 18 மாத வருமானம் என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஏறத்தாழ பத்து மாத வருமானம், வருகிறவர்களின் தலை எண்ணிக்கையோடு ஒட்டிய செலவு. சாப்பாடு, பரிமாறுபவர்கள், நாற்காலி, அழைப்பிதழ், வெளியூர்க்காரர்களுக்குத் தங்குமிடம், வண்டி எல்லாம் இதில் வரும். மண்டபத்தின் அளவும் இதில்தான் சேரும், ஏனென்றால் பட்டியல்தான் மண்டபத்தைத் தீர்மானிக்கிறது. மீதி எட்டு மாத வருமானம் எண்ணிக்கையோடு நேரடியாகச் சேராதது. அதில் உடையும் நகையும் நான்கு, அலங்காரமும் விளக்கும் இரண்டு, புகைப்படமும் வீடியோவும் ஒன்றேகால், மற்றவை முக்கால்.

சேமிப்பு ஆறு போக 12 மாத வருமானத்துக்குக் கடன் வாங்க வேண்டும். வருடத்துக்கு 14 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைத்தால் மாதத் தவணை மாத வருமானத்தில் 28 சதவீதம் வருகிறது. வாங்கியது 12, கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 16.75. வட்டி மட்டும் ஏறக்குறைய 4.75 மாத வருமானம், அதாவது இருவரும் சேர்ந்து ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாக உழைத்தது முழுவதும் வட்டிக்கே போகிறது.

அந்த 28 எங்கிருந்து வரும் என்று பாருங்கள். இவர்கள் சேமித்து வந்தது 20. ஆகவே சேமிப்பு முழுவதும் நின்றுபோகும், வாழ்க்கைச் செலவிலும் எட்டு சதவீதத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இது ஒரு மாதத்துக்கு எளிது. அறுபது மாதம் தொடர்ந்து செய்வது வேறு. புதுக் குடித்தனத்தின் முதல் வருடங்கள் பாத்திரம், கட்டில், வாடகை முன்பணம், பிரசவம் என்று செலவு கூடும் வருடங்கள். அந்தச் சமயத்தில் வீட்டுச் செலவைக் குறைக்கச் சொல்லித்தான் இந்தக் கடன் கேட்கிறது.

இன்னும் ஒரு சோதனை உண்டு. நான் ஆலோசனை சொல்லும் யாரிடமும் இதைச் செய்யாமல் விடுவதில்லை. 40 சதவீதம் சம்பாதிப்பவரின் வருமானம் ஒரு வருடம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை, உடல்நலம், வேலை இழப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மீதி 60. அதிலிருந்து தவணை 28 போனால் கையில் 32. நேற்றுவரை 72-ல் ஓடிய வீட்டை 32-ல் ஓட்ட முடியாது. அங்கிருந்துதான் கடன் அட்டை, கைமாற்று, நகை அடகு என்று அடுத்த கடன்கள் தொடங்குகின்றன. கல்யாணக் கடன் குடும்பத்தை நெருக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான். தவணை தொடங்கிய முதல் மாதத்தில் யாரும் தடுமாறுவதில்லை. அதனால்தான் ஆபத்து கண்ணில் படாமலே போகிறது.

இவர்கள் இதே கல்யாணத்தைக் கடன் இல்லாமல் செய்ய நினைத்தால், மாதம் 20 சதவீதம் சேர்த்து அந்த 12 மாத வருமானம் சேர ஐந்து வருடம் ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்க யாரும் தயாராக இல்லை. அந்த ஐந்து வருடத்தையே கல்யாணத்துக்குப் பிறகு, வட்டியோடு கட்டுகிறார்கள்.

அதே பட்டியல், சற்றுக் குறைந்த செலவு

இரண்டாவது தேர்வுதான் பெரும்பாலான குடும்பங்கள் "எளிமையாகச் செய்தோம்" என்று சொல்வது. அழைப்பது அதே 400 பேரைத்தான். அலங்காரத்தைப் பாதியாக்குகிறார்கள், வீடியோவைச் சுருக்குகிறார்கள், உடையிலும் நகையிலும் கொஞ்சம் கை வைக்கிறார்கள், சாப்பாட்டில் சில வகைகளை எடுத்துவிடுகிறார்கள். மனம் ஒப்பாமல் செய்யும் வெட்டு ஒவ்வொன்றும். எல்லாம் சேர்த்துக் குறைவது மூன்றரை மாத வருமானம். மொத்தச் செலவு 14.5, கடன் 8.5, மாதத் தவணை ஏறக்குறைய 20 சதவீதம்.

இந்தத் தேர்வில் வீட்டுச் செலவைத் தொட வேண்டியதில்லை. ஆனால் 20 என்பது சரியாக அவர்களின் முழுச் சேமிப்பு. ஐந்து வருடம் கழித்து முதல் தேர்வில் இருந்தவர்களைப் போலவே இவர்களும் சேமிப்பே இல்லாமல்தான் நிற்பார்கள். வேலை போகும் சோதனையில் 60-ல் 20 போக 40 மிஞ்சும். முதலாவதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

இத்தனை வெட்டியும் ஏன் இவ்வளவுதான் குறைகிறது? செலவின் பெரிய பாதி பட்டியலில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. 400 பேர் என்று முடிவானதும் பெரிய மண்டபம் தேவை. பெரிய மண்டபத்தில் சின்ன அலங்காரம் வெறிச்சென்று தெரியும் என்பதால் அலங்காரமும் ஓரளவுக்கு மேல் குறையாது. சமையல்காரர் குறைந்தபட்சம் இத்தனை பேருக்கு என்று உறுதி கேட்பார், வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் காசு போகும். ஆகவே சிக்கனத்தில் இருவரும் மனம் வருந்தும் அளவுக்கு விட்டுக்கொடுத்தும், கடனிலிருந்து தப்ப முடிவதில்லை. மூன்று தேர்வுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

60 பேர்

மூன்றாவது தேர்வில் பட்டியலே மாறுகிறது. இரு பக்கத்து நெருங்கிய உறவும் மணமக்களின் உற்ற நண்பர்களுமாக 60 பேர். தலை எண்ணிக்கையோடு ஒட்டிய செலவு எல்லாம் சேர்த்து இரண்டு மாத வருமானம் வரை வரும். சிறிய கூட்டத்துக்குத் தலைக்குச் சற்றுக் கூடவே விலை சொல்வார்கள் என்பதால் கணக்குப்படி வர வேண்டிய ஒன்றரையை இரண்டாக வைத்திருக்கிறேன். உடையும் நகையும் இரண்டு, அலங்காரம் அரை, புகைப்படம் அரை, மற்றவை அரை. மொத்தம் 5.5. கையிலிருக்கும் ஆறுக்குள் முடிந்துவிடுகிறது, கடனே இல்லை.

இவர்கள் வழக்கம்போல் மாதம் 20 சதவீதம் சேமித்துக்கொண்டே போகிறார்கள். வருடம் 6 சதவீத வட்டி கிடைத்தால் ஐந்து வருடத்தில் அது ஏறத்தாழ 14 மாத வருமானமாக நிற்கும். ஒரு வீட்டின் முன்பணத்துக்கோ, ஒருவர் ஒரு வருடம் வேலையை விட்டுக் குழந்தையோடு இருக்கவோ, மேற்படிப்புக்கோ, தொழில் தொடங்கவோ போதுமான தொகை. வேலை போகும் சோதனையில் 60 முழுவதும் கையில் இருக்கிறது. 80-ஐ 60-க்குச் சுருக்குவது கஷ்டம்தான், ஆனால் முடியும். வேலையில்லாத மாதங்களில் அவசரப் பணமும் துணை நிற்கும்.

எளிய கல்யாணத்தால் கிடைப்பது சேமித்த தொகையோடு முடிவதில்லை. வேலையில் அவமானப்பட்டால் விட்டு விலகலாம், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் மனதுக்குப் பிடித்த வேலைக்கு மாறலாம், பெற்றோர் நோயில் விழுந்தால் உடனே கிளம்பலாம். இவை எல்லாம் தவணை இல்லாதவர்களுக்குத்தான் எளிது. கல்யாணமான புதிதில் கணவன் மனைவிக்குள் வரும் சண்டைகளில் பணத்தால் வருபவை எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். "உங்க வீட்டுக்காகத்தான் இத்தனை பேரைக் கூப்பிட்டோம்" என்ற ஒரு வாக்கியம் தவணை முடியும்வரை வீட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆனால் 60 பேர் என்ற தேர்வுக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹியூகோ மியாலன் இருவரும், திருமணமான அனுபவம் உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்யாணத்துக்கு அதிகம் செலவழித்தவர்களிடையே மணமுறிவு கூடுதலாகத் தென்பட்டது என்பது பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. வந்த விருந்தினர் எண்ணிக்கை கூடுதலாக இருந்தவர்களிடையே மணமுறிவு குறைவாகத் தென்பட்டது. இவை காரணத்தை நிரூபிப்பவை அல்ல, இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்று மட்டுமே சொல்பவை. ஆனாலும் பயனுள்ள ஒரு குறிப்பு அதில் இருக்கிறது. செலவைக் குறைப்பதும் மனிதர்களைக் குறைப்பதும் ஒன்றல்ல.

அதனால் நான் சிபாரிசு செய்வது நான்காவது தேர்வை. சடங்கும் விருந்தும் அந்த 60 பேரோடு. பிறகு வேறொரு நாள் மாலை, மற்ற எல்லோரையும் அழைத்து இரண்டு மணி நேரச் சந்திப்பு. சிற்றுண்டி, தேநீர், மணமக்களோடு நின்று பேச நேரம், அவ்வளவே. விருந்து இல்லை என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இப்படி அழைத்தால் மிச்சமுள்ள பட்டியலில் பாதிப் பேர்தான் வருவார்கள் என்று வைத்து, இதற்கு ஒரு மாத வருமானம் ஒதுக்கலாம். மொத்தம் 6.5. கையில் இருப்பதைவிட அரை மாதம்தான் கூட. மாதம் 20 சதவீதம் சேமிப்பவர்கள் அந்தச் சந்திப்பை இரண்டரை மாதம் தள்ளி வைத்தால் அதற்கும் கடன் வேண்டாம். மணமக்களுக்கும் இது நல்லது. 400 பேர் வரிசையில் வந்து போகும் மேடையில் ஒருவருக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. இங்கே பேச முடியும்.

"நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்"

இந்தக் கணக்கை எல்லாம் காட்டியபிறகு பெற்றோர் சொல்வது இதுதான். "உங்களுக்கு எதுக்கும்மா கடன், நாங்க பார்த்துக்கறோம்." அன்போடு சொல்வது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து என்றால் அதே கடன் வேறு பெயரில் வீட்டுக்கு வருகிறது. 28 வயதில் வாங்கிய கடனை அடைக்க முப்பது வருட உழைப்பு முன்னால் இருக்கிறது. 58 வயதில் தீர்ந்துபோன சேமிப்பை மீண்டும் சேர்க்க இரண்டு வருடம்கூட இருக்காது. அந்தப் பெற்றோருக்குப் பின்னாளில் மாதாமாதம் பணம் கொடுக்கப்போவது இதே மணமக்கள்தான். அந்தத் தவணைக்கு முடிவுத் தேதியும் கிடையாது. ஆகவே பெற்றோர் தரும் தொகையை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். கொடுத்தபிறகும் தங்கள் முதுமையைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியும் என்ற அளவு வரை சேமிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலுள்ளதைக் கடன் பக்கத்தில் எழுதுங்கள்.

அன்பளிப்பாக வரும் பணம் செலவை ஈடுகட்டும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டிய நாள் வரும், அது வட்டியில்லாக் கடனுக்குச் சமம். வரும் தொகையும் முன்கூட்டித் தெரியாது. அதை நம்பி ஒரு செலவுக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணத்தைவிடக் கடினமானது பட்டியலைக் குறைப்பது. ஒரு வீட்டில் அப்பாவும் மகளும் நோட்டை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்பா ஒரு பெயரை அடிப்பார், உடனே நிமிர்ந்து, "இவரை விட்டா அவர் தம்பி என்ன நினைப்பார்?" என்று கேட்டு மறுபடி எழுதுவார், தம்பியையும் சேர்த்து. ஒரு மணி நேரத்தில் பட்டியல் குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. பிறகு மகள், "பேர் பேரா வேண்டாம்பா, எந்த உறவு வரைன்னு சொல்லுங்க" என்றாள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று கோடு போட்டார்கள். கடந்த ஒரு வருடத்தில் வீட்டுக்கு வந்து போன நண்பர்கள் என்று இன்னொரு கோடு. பட்டியல் அதிகம் இழுக்காமல் முடிந்தது. "அந்த உறவுக்கு அப்பால் யாரையுமே கூப்பிடவில்லை" என்று சொல்லும்போது ஒருவருக்கும் தனிப்பட்ட அவமதிப்பு இல்லை. பெயர் பெயராக வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் ஒரு காயம். கோட்டுக்கு ஒரு விதிவிலக்கு வைத்தாலும் கோடு போய்விடும், இதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

இந்த நெருக்கடி ஒரு குடும்பத்தின் பலவீனம் அல்ல. எல்லோரும் பெரிதாகச் செய்யும் இடத்தில் முதலில் சிறிதாகச் செய்பவரைத்தான் ஊர் பேசும். தஜிகிஸ்தானில் 2007-ல் கல்யாண விருந்தினர் எண்ணிக்கைக்கு 150 என்று சட்டமே வரம்பு வைத்தது. அரசு விருந்தினரை எண்ணுவது எனக்கு உவப்பில்லை, ஆனால் தனி ஆளால் வெளியேற முடியாத போட்டி என்பதற்கு அது சாட்சி. சட்டம் இல்லாத இடத்தில் அதே வேலையைச் செய்யக்கூடியது, இரு வீட்டாரும் சேர்ந்து ஒரே எண்ணைச் சொல்வது. ஒரு பக்கம் 30, மறுபக்கம் 300 என்றால் 30 பேரை மட்டும் அழைத்த வீட்டின் மகனோ மகளோதான் பாதிக் கடனைச் சுமக்க நேரும்.

பெரிய கல்யாணம் எல்லோருக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. முழுத்தொகையும் கையில் இருந்து, அவசரப் பணம் தொடப்படாமல், இரு பக்கப் பெற்றோரின் முதுமைச் சேமிப்பும் அப்படியே இருந்தால் 400 பேரையும் கூப்பிட்டு மனம் நிறையச் செய்யலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் நான்காவது தேர்வுக்குத்தான் போகச் சொல்வேன்.

ஏற்கெனவே பெரிய மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் இனி மாற முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொடுத்தது ஒரு மாத வருமானம் என்று வைத்துக்கொள்வோம், அது முழுவதும் திரும்ப வராது என்றும் வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஜோடிக்கு நான்காவது தேர்வின் 6.5-ஓடு இந்த ஒன்றைச் சேர்த்தாலும் 7.5 தான். கையிலுள்ள ஆறு போக, மிச்சம் ஒன்றரை மாத வருமானம். மாலைச் சந்திப்பை ஏழு எட்டு மாதம் தள்ளி வைத்தால் அதைக் கடன் இல்லாமலே சேர்த்துவிடலாம். மறுபக்கம் இருப்பது 12 மாத வருமானக் கடன். மண்டபக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ரத்து பற்றி அல்ல. அதே முன்பணத்தில் சிறிய கூடம் கிடைக்குமா, கூட்டம் குறைந்த நாளுக்கு மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். தேதி நெருங்க நெருங்க அவர்களுக்கு வேறு ஆள் பிடிப்பது கடினமாகும், உங்களுக்கும் திரும்பக் கிடைப்பது குறையும். அதனால் அந்தப் பேச்சைச் சமையல்காரருக்கு எண்ணிக்கை உறுதி சொல்வதற்கு முன்பே, அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே முடித்துவிடுங்கள்.